ஈறு ஜெல், கிரைப் வாட்டர்: விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

ஏழு மாதமான எங்கள் மகனுக்குப் பல் முளைப்பதால், மருந்துக்கடையில் தந்த ஈறு ஜெல்லின் உறையைப் படித்தபோது அதில் கோலின் சாலிசிலேட் இருப்பதைக் கண்டேன். இது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது; கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி குறித்த அச்சத்தால், பிரிட்டனில் 2009 முதல் 16 வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய வாய் ஜெல்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பென்சோகெய்ன் கலந்த ஜெல்லோ, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உதடும் நகமும் நீலம்பாரிக்கச் செய்யக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கூடாது என 2018இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. எப்படியும் எச்சிலில் நிமிடங்களில் கரைந்துபோவதால், இத்தகைய ஜெல்களால் பெரிய பயனும் இல்லையே!

குழுவிலுள்ள குழந்தை மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்: குளிரவைத்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுப்பதும் சுத்தமான விரலால் ஈறைத் தேய்ப்பதும் போதுமா? மாமியார் தரச் சொல்லும் கிரைப் வாட்டரின் உறையில் ஆல்கஹால், சர்க்கரை, சோடியம் பைகார்பனேட் ஆகியவை வேறு எந்தப் பெயர்களில் அச்சிடப்பட்டிருக்கும்?