ஷார்ட் ஸ்ட்ராடலுக்கு வி.ஏ.ஆர். வெறும் 3 பாயிண்ட்டா?

ஒற்றைக்காளை:
நிஃப்டி 24,000. அதே ஸ்ட்ரைக்ல கால், புட் ரெண்டும் வித்தாச்சு. எக்ஸ்பைரிக்கு 7 நாள், ஐவி 13. வந்த பிரீமியம் 345. எக்செல் ஷீட் 99% ஒரு நாள் வி.ஏ.ஆர். 3 பாயிண்ட்னு சொல்லுது. எங்கே கோளாறு?

கணக்குப்பிள்ளை:
ஷீட் சொன்னதைத்தான் செய்யுது. நிகர டெல்டா மைனஸ் 0.007. ஒரு நாள் திட்டவிலக்கம் 196.5 பாயிண்ட், அதை 2.33-ஆல பெருக்கினா 458. குறியை விட்டுட்டு ரெண்டையும் பெருக்கினா 3.

ஆனா அந்த 0.007 இப்போ நிஃப்டி நிக்கிற இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும். நாளைக்கு 24,458 போனா உங்க டெல்டா மைனஸ் முக்கால் ஆகியிருக்கும். 23,542 போனா பிளஸ் முக்கால். எந்தப் பக்கம் போனாலும் டெல்டா உங்களுக்கு எதிராவே திரும்புது. நேர்கோட்டுக் கணக்குக்கு இது தெரியவே வழியில்ல.

டெய்லர்தம்பி:
இதுக்கு ஏன் இவ்வளவு? காமா சேர்த்தா முடிஞ்சது. `0.5 × γ × ΔS²`. காமா 0.00185, நகர்வு 458, நஷ்டம் 194. ஒரு நாள் தீட்டா 25 கழிச்சா 169. ஒவ்வொரு ஆப்ஷனையும் திரும்ப விலைபோடுறது வீண் வேலை.

கணக்குப்பிள்ளை:
பாதி சரி தம்பி. 2.33-ங்கிறது ஒரு பக்க வாலுக்கான எண். இவருக்கு ஏறினாலும் நஷ்டம், இறங்கினாலும் நஷ்டம். பக்கத்துக்கு 1% வெச்சா மொத்தம் 2%, அப்போ நீங்க போட்டது 98% வி.ஏ.ஆர். 99% வேணும்னா 2.576, அதாவது 506 பாயிண்ட். உங்க சூத்திரத்துல போட்டா 212. பிளாக்-ஷோல்ஸ்ல ஆறு நாள் மீதி வெச்சு திரும்ப விலைபோட்டா கிட்டத்தட்ட 200.

டெய்லர்தம்பி:
12 பாயிண்ட் வித்தியாசம், அதுவும் கூடுதலாதான் காட்டுது. பாதுகாப்புதானே?

மாம்பலம்_மணி:
நடுவுல வர்றேன். நான் ஸ்ட்ராடல் போடுறதில்ல, 23,000 புட்டும் 25,000 காலும்தான் விப்பேன். காமா ஒண்ணுமே இல்ல, எனக்கு இந்தத் தலைவலி கிடையாதுல்ல?

கணக்குப்பிள்ளை:
மணி சார், உங்க கேஸ்லதான் தம்பியோட பாதுகாப்பு கவுந்துடுது. அதே ஐவி 13, ஏழு நாள்னு வெச்சா உங்க ரெண்டு லெக்குக்கும் சேர்த்து காமா 0.00013 சுமார். நிஃப்டி 1,000 பாயிண்ட் விழுந்தா காமா சூத்திரம் 65 பாயிண்ட் பக்கம் நஷ்டம்னு சொல்லும். நிஜத்துல உங்க புட் அப்போ ஸ்ட்ரைக்கிலேயே நிக்கும், விலை 150 பக்கம். விழும்போது ஐவி 20-க்கு ஏறினா 235. வித்தப்போ ரெண்டு லெக்குக்கும் சேர்த்துக் கிடைச்சது மூணு பாயிண்ட் சொச்சம் (ஸ்க்யூ இருக்கிறதால சந்தையில இன்னும் கொஞ்சம் கிடைக்கும்).

ஸ்ட்ராடல்ல இன்னிக்கு காமா உச்சத்துல இருக்கு, விலை நகர்ந்தா குறையும். அதனால சூத்திரம் மிகையா காட்டுது. தூர ஸ்ட்ரைக்ல காமா இனிமேதான் வரப்போகுது, அதனால குறைச்சுக் காட்டுது. எந்தப் பக்கம் தப்பும்னு பொசிஷனுக்குப் பொசிஷன் மாறும்.

மாம்பலம்_மணி:
ஒரே நாள்ல 1,000 எல்லாம் வருமா சார்?

டெய்லர்தம்பி:
2024 ஜூன் 4, தேர்தல் முடிவு அன்னிக்கு 1,379 பாயிண்ட். அதுல எனக்கு மறுபேச்சில்ல.

திண்டுக்கல்_லாட்:
புரோக்கர் பிடிக்கிற ஸ்பான் மார்ஜின்தானே வி.ஏ.ஆர்.? அதையே எடுத்துக்கலாமே.

கணக்குப்பிள்ளை:
இல்லைங்க. ஸ்பான் 16 சூழல்ல உங்க பொசிஷனை விலைபோட்டு மோசமானதை எடுக்குது. அதுல நிகழ்தகவு இல்ல. ஆனா அந்த முறையை எடுத்துக்கலாம்: நகர்வு ஒவ்வொண்ணுக்கும் ஐவி ஏறினா ஒண்ணு, இறங்கினா ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் முழுசா விலை. நகர்வே இல்லாத சூழலையும் விடாதீங்க. இதே ஸ்ட்ராடலை வாங்கினவருக்கு நிஃப்டி அசையாத நாள்தான் மோசம், 26 பாயிண்ட் போகும். ரெண்டு ஓரத்தை மட்டும் பார்த்தா அது தெரியாது.

காளை சார் ஸ்ட்ராடல்லயும் 506 நகர்வோட ஐவி 18 ஆனா 200-ங்கிறது 270 பக்கம் போகும். டெல்டா, காமா ரெண்டும் இதைப் பார்க்காது.

நிகழ்தகவு வேணும்னா கடந்த 250 நாள் நகர்வுகளை அதே நாளோட ஐவி மாற்றத்தோட சேர்த்து இன்னிக்கு இருக்கிற பொசிஷன்ல ஓட்டுங்க. 2024 ஜூன் 3 நிஃப்டி 3%-க்கு மேல ஏறிச்சு, விக்ஸ் இறங்கிச்சு. மறுநாள் விழுந்தப்போ விக்ஸ் ஏறிச்சு. ஃபியூச்சர் வாங்கினவருக்கு இதுல ஒரு நாள்தான் நஷ்டம், ஸ்ட்ராடல் வித்தவருக்கு விலை நகர்வால ரெண்டு நாளுமே அடி.

டெய்லர்தம்பி:
அந்த மாதிரி நாள்கள் 250 நாள் ஜன்னலை விட்டு வெளியே போனதும் உங்க வி.ஏ.ஆர். பொத்துனு இறங்கிடும். என் சூத்திரத்துல அந்தக் கூத்து இல்ல.

கணக்குப்பிள்ளை:
இறங்கும், மறுக்கல. அதனால நான் அந்த மாதிரி நாள்களை ஜன்னல்லயே நிறுத்தி வெப்பேன்.

டெய்லர்தம்பி:
அப்போ அது 99% இல்ல, நீங்க தேர்ந்தெடுத்த நாள்களோட வி.ஏ.ஆர்.

ஒற்றைக்காளை:
சண்டை நடக்கட்டும். நான் ஷீட்ல டெல்டா வரியை எடுத்துட்டு, ஏழு நகர்வு, மூணு ஐவினு 21 கட்டம் போடுறேன். ஐவியை எவ்வளவு ஏத்தணும், 5-ஆ 7-ஆ?

மாம்பலம்_மணி:
எனக்கும் அது தெரியணும்.