பாதி ஓட்டத்தில் ஒளிந்திருந்த அழுக்கு

ஷிப்ட்_பி
தகடுகள் வழியே வெப்பம் கைமாறும் எங்கள் பிளேட் எக்ஸ்சேஞ்சரில் இரண்டு பக்கமும் தண்ணீர்தான், மணிக்கு 10 கன மீட்டர் வீதம். புதிதில் 80 டிகிரியில் நுழைவது 50-ல் வெளியேறும். கூலிங் டவர் தண்ணீர் 30-ல் வந்து 60-ல் திரும்பும். நடுவில் மூன்று மாதம் ஆர்டர் இல்லாமல் சூடான பக்கத்தை 5 கன மீட்டரில் ஓட்டினோம். அது வெளியேறியது 44-ல், டவர் தண்ணீர் திரும்பியது 48-ல். ஐம்பதுக்குக் கீழேதானே என்று லாக் புக்கில் தினமும் டிக் போட்டேன். முழு ஓட்டத்துக்கு ஏற்றியதும் 55, அலாரம் அலறியது. "ஒரே ராத்திரியிலயா அழுக்கு பிடிச்சிது?" என்றார் மேனேஜர். நான் வாயே திறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை
நான் ஒருமுறை, ஓட்டம் பாதியானாலும் கைமாறும் வெப்பம் அதேதான் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 60 டிகிரி இறங்கி 20 வந்தது! 30 டிகிரி தண்ணீரை வைத்து 20-க்கு எப்படிக் குளிர்விப்பது? மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். நுழையும் வெப்பநிலையும் தகட்டுப் பரப்பும்தான் மாறாதவை. தகடு வெப்பத்தைக் கைமாற்றும் திறனான U-வைப் பழையபடியே வைத்துப் போட்டால் உங்களுக்கு 36 வந்திருக்க வேண்டும்.

தகடு
36 வராது. ஓட்டம் குறைந்தால் கொந்தளிப்பும் குறையும், U-வும் கூடவே இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் ஏறக்குறைய முக்கால் பங்காகும். அப்போது சுத்தமான தகட்டுக்கு 39.5. ஷிப்ட்_பி பார்த்த 44 அதைவிட நாலரை டிகிரி கூட. தெர்மாமீட்டர் மேலும் பழி போட முடியாது: இந்தப் பக்கம் 36 டிகிரி இறக்கம் × 5, அந்தப் பக்கம் 18 டிகிரி ஏற்றம் × 10, இரண்டுமே 180. அந்த 44-க்குப் பொருந்தும் அழுக்கை அப்படியே வைத்து முழு ஓட்டத்துக்குப் போட்டால் U மூன்றில் இரண்டு பங்குதான், வெளியே சரியாக 55. அழுக்கு முன்பே இருந்தது தம்பி. நீங்கள் 44-ஐ 39.5-ஓடு ஒப்பிடாமல் 50-ஓடு ஒப்பிட்டீர்கள்.

டீசல்_அண்ணா
எங்கள் ஜெனரேட்டர் ரேடியேட்டரும் இப்படித்தான். லோடு குறைவாக இருந்தால் சமர்த்து, கல்யாண சீசனில் கொதிக்கும். ஏர் அடித்தேன், சரியாகிவிட்டது. நீங்களும் கூலிங் தண்ணீரைக் கூட்டிவிடுங்கள். வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா? ஸ்டிரெய்னரைக் கழற்றிப் பார்த்தீர்களா? டவர் பேன் பெல்ட்டையும் பாருங்கள்.

தகடு
அண்ணா, இரட்டிப்பாக்கினால் அழுக்கோடேயே 50-க்கு வந்துவிடும், உண்மைதான். ஆனால் டெல்டா பி, அதாவது நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம், நாலு மடங்கை நெருங்கும். இருக்கிற பம்ப் தாங்குமா?

ஷிப்ட்_பி
தாங்கவில்லை, 13-க்கு மேல் ஏறவே இல்லை. பிரித்தோம். டவர் பக்கத் தகட்டில் விரல் வைத்தால் வழுக்கும் பாசி, மெல்லிசுதான். சூடான பக்கமும் பழுப்பேறியிருந்தது. ஆனால் மூன்று மாதமும் டவர் பக்க டெல்டா பி அசையவே இல்லை. அப்படியானால் வெப்பத்தைத் தடுத்தது எந்தப் பக்கம்?

கணக்குப்பிள்ளை
பழுப்புப் பக்கம்தான்.

தகடு
பாசிதான் என்பேன். மெல்லிசாக இருந்தாலே போதும், டெல்டா பி-யில் தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் கழுவி ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

ஷிப்ட்_பி
இரண்டையும் சேர்த்துக் கழுவிவிட்டோமே சார்.