மறு: "இதோட வர்க்கம் தாண்டுற முதல் எண்" – ஒரே சொல்லா என்ன சொல்லலாம்?

வணக்கம்,

ஒரு பெரிய எண் கொடுத்திருக்காங்க, எந்த மிகச்சிறிய முழு எண்ணோட வர்க்கம் அதைத் தாண்டும்னு கேக்கறாங்க. இதுக்குத் தமிழ்ல ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியமே எழுத வேண்டியிருக்கு. நான் "தாண்டுமூலம்"னு வைக்கலாம்னு நினைக்கிறேன்.

735000-ஐ எடுத்துக்குவோம். 850-ன் வர்க்கம் 722500, 860-ன் வர்க்கம் 739600, ஆக விடை ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. 850-லேர்ந்து இன்னும் 12500 ஏறணும், அங்க ஒவ்வொரு படியும் 1700-க்குக் கொஞ்சம் மேல, அதனால ஏழு படி ஏறிப் பார்த்தா 857-ன் வர்க்கம் 734449, இன்னும் எட்டல. அடுத்த வர்க்கத்துக்குத் திரும்பப் பெருக்க வேணாம், 857-ஐயும் 858-ஐயும் கூட்டினா 1715, அதைச் சேர்த்தா 736164, தாண்டிருச்சு. விடை 858. இப்படி ரெண்டு பக்கமும் அணைச்சு நிக்கிற வர்க்கங்களை "அண்டை வர்க்கங்கள்"னு சொல்லலாமா?

– வளர்மதி

---

> தாண்டுமூலம்

அக்கா, "மேல்மூலம்" போதுமே? வர்க்கமூலம் எடுத்து தசமம் வந்தா மேல ரவுண்ட் பண்ணிக்கலாம், 857.32 வருது, 858 ஆயிடும். ரெண்டும் ஒண்ணுதானே.

– மணி

---

நானும் பையனுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்துட்டு இருக்கேன், 735000-ஓட எவ்வளவு கூட்டினா முழு வர்க்கம் ஆகும்னு. 1164 கூட்டணும். இதுக்கும் தாண்டுமூலம்னே சொல்லலாம் இல்லையா?

– தேவி

---

தேவிம்மா, 1164-ங்கிறது இடைவெளி, நாம பேர் தேடுறது 858-க்கு. அந்த இடைவெளிக்கு வேற சொல் வைக்கணும்.

மணி தம்பி, ஒண்ணு இல்லப்பா. எண் சரியா 734449-ஆ இருந்தா உன் வழியில 857 வரும், ஆனா அதோட வர்க்கம் சமமா நிக்குதே தவிர தாண்டல, விடை 858 தான். "மேல்"னு சொன்னா இந்த வித்தியாசம் மறைஞ்சு போகுது, "தாண்டு"னா சமம்ங்கிற பேச்சுக்கே இடமில்லை. எப்பவும் கீழ ரவுண்ட் பண்ணி ஒண்ணு கூட்டணும்.

அதையும் தசமத்தை நம்பிச் செய்யாதே. 9999999999999999-க்கு (பதினாறு ஒன்பது) `math.sqrt` போட்டா 100000000.0-னு வந்து நிக்கும், உண்மையான மூலம் அதுக்கு ஒரு இழை கீழ. ஒண்ணு கூட்டினா 100000001, விடையோ 100000000. பைத்தான்ல இதை எழுது:

```
math.isqrt(n) + 1
```

சந்தேகம்னா அண்டை வர்க்கம் ரெண்டையும் பெருக்கிப் பாரு, கீழது எண்ணைத் தாண்டக்கூடாது, மேலது தாண்டணும்.

– கதிர்

---

சமமா வர்ற இடத்தை நான் யோசிக்கவே இல்லண்ணே, தாண்டுமூலம் ஓகே. ஆனா "அண்டை வர்க்கங்கள்" எனக்கு இடிக்குது, 856-ன் வர்க்கமும் 857-ன் வர்க்கமும் கூட அண்டைதானே, நடுவுல எண் இருக்குன்னு அந்தச் சொல்லுல எங்க இருக்கு?

– மணி

---

அது நியாயம். "அணை வர்க்கங்கள்"? வேற யாருக்காவது நல்லதா தோணினா சொல்லுங்க.

– வளர்மதி