வர்க்கப்படுத்திய வரிக்குப் பக்கத்தில் என்ன காரணம் எழுதுவது?

வேளச்சேரியில் டியூஷன் எடுக்கிறேன். √(2x+3) = x என்ற கணக்கை ஒரு பையன் ஒன்றரைப் பக்கம் அடித்தல் திருத்தலோடு போட்டு, x = 3, −1 என்று முடித்திருந்தான். அதை எண் போட்டுக் காரணத்தோடு எழுத வைத்தேன்.

1. 2x+3 = x² : இருபுறமும் வர்க்கப்படுத்தினோம்
2. x²−2x−3 = 0 : ஒரே பக்கம் கொண்டுவந்தோம்
3. (x−3)(x+1) = 0 : காரணிப்படுத்தினோம்
4. x = 3 அல்லது −1 : பெருக்கல் பலன் 0 என்றால் ஏதோ ஒரு காரணி 0

காரணமெல்லாம் சரிதான். ஆனால் −1 போட்டால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் −1! கோளாறு நுழைவது முதல் வரியில். வர்க்கம் சமமென்றால் எண்களும் சமம் என்று ஆகிவிடாது.

அந்த வரியிலேயே 'x ≥ 0' என்று எழுதச் சொல்வதா, சரிபார்ப்பை ஐந்தாவது வரியாக வைப்பதா? விடைத்தாள் திருத்தியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.