தீவாளிக்கு வந்த வெள்ளிக் காசைத் திருப்பிக் கொடுத்த கதை

பீளமேட்டுக்காரன்:
கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கக் கூடாது. டைரி, காலண்டருக்கு மட்டும் விலக்கு. பலகாரம் வந்தால் ஆபீஸ் முழுக்கப் பங்கு போட வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். போன வருடம் தீவாளி நோம்பிக்கு ஒரு கிலோ மைசூர்பாகும் சிவப்புச் சுருக்குப் பையில் 10 கிராம் லட்சுமி காசும் அனுப்பினார். நான் செய்த வேலை: "நிறுவன விதிகளின்படி ஏற்க இயலாது" என்று எச்.ஆர். எழுதிக் கொடுத்த கடிதத்தோடு காசைக் கூரியரில் போட்டேன். அது போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. ஒரு மாசம் மனுஷன் போனே எடுக்கவில்லை. அவருடைய கணக்குப்பிள்ளைதான் சொன்னார்: "லஞ்சமா குடுத்தோம், திருப்பி அனுப்பறதுக்குன்னு அண்ணன் கேட்டாருங்க."

கடிதத்தில் நன்றி என்ற சொல்லே இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

இந்த வருடமும் அதே பை, புதன்கிழமை சாயங்காலம். முதலில் காசைப் படம் எடுத்து மேனேஜருக்கு மெயில் போட்டேன், நாளைக்கே நேரில் திருப்பித் தருகிறேன் என்று. அடுத்து அவருக்குப் போன்.

"அண்ணா, மைசூர்பாகு வந்துச்சுங்க. இருபத்திரண்டு பேரும் சாப்பிட்டோம், டப்பா காலி. ரொம்ப சந்தோசமுங்க."

"நல்லா இருந்துச்சா?"

"நெய் கையில ஒட்டுச்சுங்க. அண்ணா, ஒரு சங்கடம். காசை நான் வெச்சிருந்தா எனக்குத்தான் ஆபீஸ்ல விளக்கம் கேப்பாங்க. நாளைக்கு அந்தப் பக்கம் வரனுங்க, உங்க கையிலயே குடுத்தர்றேன். தப்பா நெனைக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, வா" என்றார்.

வியாழன் காலையில் போனேன். வெள்ளிக்கிழமை லட்சுமியைத் திருப்பினால் யாருக்கும் மனசு ஒப்பாது. வெறும் கையோடு போகாமல் இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துப் போய், அதோடு சேர்த்துக் கொடுத்தேன். பழத்தை மோந்து பார்த்துவிட்டுக் காசை மேசை டிராயரில் போட்டார். டீ வந்தது. அன்று மதியமே வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது:

"அண்ணா, நோம்பிக்கு எங்களை நினைத்து அனுப்பியதற்கு மிக்க நன்றி. பலகாரத்தை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டோம். வெள்ளிக் காசை இன்று உங்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டேன், உங்கள் அன்பு எங்களிடமே இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்."

கடைசிக்கு முந்தின வரி எனக்குக் கொஞ்சம் சினிமாத்தனமாகத்தான் பட்டது. ஆனால் காசு திரும்பிப் போனதற்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும், அதை ரசீது மாதிரி எழுதவும் முடியாது. அதையே மேனேஜருக்கும் அனுப்பி வைத்தேன்.

ஈரோடு நூல்காரர்:
எதுக்குங்க இத்தனை பாடு? ஐம்பதாயிரத்துக்குள்ள பரிசு வந்தா வரியே இல்லை. 10 கிராம் வெள்ளி எந்த மூலைக்கு?

பழைய ஆடிட்டர்:
தம்பி, அது வருமான வரிக் கணக்கு. இவர் சொல்வது வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட விதி. வரி கிடையாது என்பதால் கம்பெனி விதி தளர்ந்துவிடாது. அந்த வரி விலக்கும் சொந்த முறையில் வருவதற்குத்தான், தொழில் வழியாக வருவதைத் தனியாகப் பார்ப்பார்கள்.

பீளமேட்டுத் தம்பி செய்ததில் முக்கியம், போன் பண்ணும் முன்பே மேனேஜருக்கு எழுதியது. நான் ஆடிட் போன ஒரு இடத்தில் ஒருவர் நல்லபடியாகத்தான் திருப்பிக் கொடுத்தார், யாரிடமும் சொல்லவில்லை. வாங்கியதைப் பார்த்த வாட்ச்மேன் இருந்தார், திருப்பியதைப் பார்த்தவர் யாருமில்லை. பாவம், அவர் பட்ட பாடு.

பவானி அக்கா:
நான் கொடுக்கிற பக்கம். ஜமுக்காளம் வியாபாரம். வருசா வருசம் ஒரு ஆபீசருக்கு ஒரு ஜமுக்காளம் அனுப்பறேன், வாட்ச்மேனே வாங்காமல் திருப்பி அனுப்பிடறார். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினா வாங்குவாங்களா?

பழைய ஆடிட்டர்:
அம்மணி, வேண்டாம்! வீட்டுக்கு அனுப்பினால் அவருக்குத்தான் தலைவலி. குடும்பத்தார் வாங்கினாலும் அவர் வாங்கின கணக்குத்தான் பல இடத்தில். ஒரு வாழ்த்து அட்டை போதும்.

பொள்ளாச்சி மாப்பிள்ளை:
வீட்டு விஷயம் வந்ததால் கேட்கிறேன். எனக்கும் இதே மாதிரி லட்சுமி காசுதான், ஆனா வீட்டுக்கே வந்துருச்சு. நான் வெளியூர். அம்மா வாங்கி, மஞ்சள் குங்குமம் வெச்சு, சாமி ரூம்ல வெச்சுட்டாங்க. எடுக்கப் போனா, "வந்த லட்சுமியைத் தொரத்தறயா கண்ணு"ங்கறாங்க. அதே எடையில வேற காசு வாங்கித் திருப்பிக் குடுத்தா சரியாகுமா?

பீளமேட்டுக்காரன்:
மேனேஜரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி எழுதிக் கேளுங்க. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க.

பவானி அக்கா:
வெள்ளிக்கிழமை மட்டும் கேட்டுடாதீங்க.