ஒரே ஹார்ட் டிஸ்க், ஏழு விற்பனையாளர்கள்: மலிவானதை எடுத்தால் என்ன போகும்?

வெண்ணிலவன்: பெரிய கொள்ளளவு ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கப் போகிறேன், 5 வருட வாரன்டி உள்ள மாடல். ஷாப்பிங் தளத்தில் ஒரே பக்கம், ஒரே படம், ஒரே மாடல் எண். விற்பவர்கள் மட்டும் ஏழு பேர். தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தக் கடை விலையை 100 என்று வைத்தால், கடைசி ஆள் 82க்குத் தருகிறார். பெட்டிக்குள் இருப்பது ஒன்றுதானே, எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்?

சிக்கனம் சீனு: யோசிக்காமல் 82க்கு எடுங்கள். வாரன்டி கொடுப்பது தயாரிப்பாளர், விற்பவர் இல்லை. சீரியல் நம்பரை அவர்கள் தளத்தில் போட்டால் எந்தத் தேதி வரை என்று காட்டும். யாரிடம் வாங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை.

பழைய வட்டு: பாதி சரி. சீரியல் நம்பரைத்தான் பார்ப்பார்கள், ஆனால் அது என்ன சொல்லும் என்பதில்தான் சிக்கல். சர்வீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருந்த ஆள் நான். ஒரே வகை வட்டு இரண்டு வழியாக வெளியே வரும். ஒன்று சில்லறை விற்பனைக்கு. மற்றொன்று கணினி செய்யும் நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போவது. மொத்தமாகப் போனதற்கு வாரன்டிப் பொறுப்பு அந்தக் கணினி நிறுவனத்துடையது. அதில் மிஞ்சியவை சந்தைக்கு வரும்போது மலிவாக இருக்கும். வட்டு புதியதுதான், பழுதும் இல்லை. ஆனால் சீரியல் நம்பரைப் போட்டால், "இது வேறொரு கருவியின் பாகம், வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்ற பொருளில் ஒரு வரி வரும். வேறு நாட்டுச் சந்தைக்காகப் போன சரக்கிலும் இதே கதை நடக்கும். நீங்கள் சொன்ன 18 எங்கிருந்து குறைந்தது என்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் பதில்.

தேன்மொழி: போலிப் பொருளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? எனக்கு வந்தது அசல் ஹெட்ஃபோன். ஒரு பக்கம் சத்தமே இல்லை. மாற்றித் தாருங்கள் என்றேன். அந்த விற்பனையாளரிடம் சரக்கு தீர்ந்துவிட்டதாம், பணம்தான் வரும் என்றார்கள். அதே பக்கத்தில் இன்னும் நாலு பேர் அதை விற்றுக்கொண்டிருந்தார்கள்! பணம் திரும்பி வருவதற்குள் விலை ஏறிவிட்டது.

வெண்ணிலவன்: போலி பற்றிக் கேட்கவில்லை அக்கா. ஆனால் நீங்கள் சொன்னது பயனுள்ளது. ரீப்ளேஸ்மென்ட் என்பது அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கடைப்பக்கம்: அது அந்த விற்பனையாளரின் சரக்கைப் பொறுத்தது. நானும் இப்படித் தளங்களில் விற்கிறவன்தான், ஹார்ட் டிஸ்க் இல்லை. ஒன்று சொல்கிறேன். பக்கத்தில் தெரியும் நட்சத்திரங்கள் பொருளுக்கானவை. ஏழு பேரிடம் வாங்கியவர்களும் அங்கேதான் எழுதுவார்கள். விற்பவரின் பெயரை அழுத்தினால் அவருக்கென்று தனி மதிப்பீடு இருக்கும். அதில் சமீபத்திய ஒற்றை நட்சத்திரங்களைப் படியுங்கள், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். அப்புறம் `Sold by`, `Ships from` என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். தளமே அனுப்பினால் ரிட்டர்ன் தளத்தின் கிடங்குக்குப் போகும், பெரும்பாலும் கேள்வி குறைவு. நானே அனுப்பினால் பொருள் என்னிடம்தான் திரும்பி வரும். பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன், சில நேரம் சண்டையும் போடுவேன். வேறு வழியில்லை, காலி டப்பாவைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

சிக்கனம் சீனு: சரி, வாரன்டியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுவோமா? ஆயிரக்கணக்கில் வட்டுகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2024க்கு வெளியிட்ட ஆண்டுப் பழுது விகிதம் 1.57 சதவீதம். 5 வருடத்துக்கு ஏறத்தாழ 8. அதாவது வாரன்டியின் மதிப்பு, விலையில் சுமார் 8 சதவீதம். நீங்கள் சேமிப்பதோ 18. இன்னும் சொன்னால், வாரன்டியில் கைக்கு வருவது பெரும்பாலும் பழுது நீக்கிய வட்டுதான், புத்தம் புதியது இல்லை. அனுப்பும் செலவும் பல நேரம் நம் தலையில். போன தரவை எந்த வாரன்டியும் மீட்டுத் தராது. 8 என்பதே அதிகம்.

பழைய வட்டு: நல்ல கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 1.57 புதிதாக வாங்கி அவர்களே ஓட்டிய வட்டுகளுக்கு. உங்கள் 82க்கு வருவது புதியதுதானா? 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே செய்தித் தளம் ஒரு விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது. புதியவை என்று விற்ற சீகேட் வட்டுகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை, சில 15,000 மணிக்கும் மேல். வட்டுக்குள் வழக்கமாகப் பார்க்கும் பதிவில் ஓடிய மணி நேரத்தை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள். FARM என்ற இன்னொரு பதிவில் உண்மை அப்படியே இருந்ததால்தான் பிடிபட்டது.

சிக்கனம் சீனு: அதே செய்தியை முழுதாகப் படியுங்கள். பெயர் பெற்ற கடைகளில் வாங்கியவர்களுக்கும் அப்படி வந்ததே? அதிக விலை கொடுத்தவர்களும் மாட்டினார்கள்.

பழைய வட்டு: உண்மை. விலை காப்பாற்றும் என்று நான் சொல்லவே இல்லை. மாட்டிய பிறகு தட்டுவதற்கு ஒரு கதவு இருந்ததா என்பதுதான் வித்தியாசம். திருப்பும் காலத்துக்குள் ஏழு பேரும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தளம் பின்னால் நிற்கும். அது முடிந்த மறுநாள் முதல், தயாரிப்பாளர் வாரன்டி இல்லாத வட்டுக்கு, பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டும்தான். "2 வருடம் விற்பனையாளர் வாரன்டி" என்று எழுதியிருப்பார். எட்டு மாதத்தில் அந்தக் கணக்கே தளத்தில் இருக்காது.

வெண்ணிலவன்: அப்படியானால் வாங்கி வந்ததும் என்ன பார்ப்பது?

பழைய வட்டு: உறையைக் கிழிக்கும் முன் சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். டப்பாவிலும் வட்டிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், தயாரிப்பாளர் தளத்தில் போடுங்கள். வாரன்டித் தேதி வரவில்லை என்றால் செருகவே வேண்டாம், அப்படியே திருப்புங்கள். தேதி வந்தால் பிறகு smartmontools மென்பொருளின் இந்த இரண்டு கட்டளைகள், நிர்வாகி உரிமையோடு:

```
smartctl -a /dev/sda
smartctl -l farm /dev/sda
```

`sda` இருக்கும் இடத்தில் உங்கள் வட்டின் பெயர். முதல் கட்டளை காட்டுவதில் `Power_On_Hours` ஒன்றிரண்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது சீகேட்டுக்கு மட்டும், smartmontools 7.4 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இரண்டிலும் மணி நேரம் ஒத்துப்போகவில்லை என்றால் திரையைப் படம் எடுத்து, "விவரித்தபடி இல்லை" என்ற காரணத்தைத் தேர்ந்து ரிட்டர்ன் போடுங்கள். "மனம் மாறிவிட்டது" என்று போட்டால் அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம்.

கடைப்பக்கம்: அந்தக் கடைசி வரியை என் வாடிக்கையாளர்கள் படிக்காமல் இருந்தால் நல்லது.

தேன்மொழி: ஹெட்ஃபோனுக்கு இப்படி ஏதாவது கமாண்ட் உண்டா?

சிக்கனம் சீனு: வந்த அன்றே இவ்வளவும் பார்க்க முடியும் என்றால் 82 ஆளிடமே வாங்கிப் பார்க்கலாமே. தேறினால் லாபம், தேறாவிட்டால் ரிட்டர்ன்.

பழைய வட்டு: தளமே அனுப்பும் சரக்கு என்றால் எனக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. அவரே அனுப்புகிறார் என்றால் நான் தொடமாட்டேன்.

வெண்ணிலவன்: இப்போதுதான் பார்த்தேன். 82 ஆள் தானே அனுப்புகிறார். 91க்கு ஒருவர் இருக்கிறார், தளத்தின் கிடங்கிலிருந்து வருமாம். நேற்று வாங்கும் பட்டனுக்குப் பின்னால் இருந்த விற்பனையாளர் பெயரும் இன்று வேறு. 91ஐப் போட்டுவிட்டேன், சீரியல் நம்பர் வந்ததும் சொல்கிறேன்.

சிக்கனம் சீனு: 9 போச்சு.