புது லோங்காங் போட்ட பிறகு தண்ணீர் ஏறிய இடங்கள்: பார்த்ததைப் பகிருங்கள்

செம்பனை ரோடு
பழைய டிவிஷன் லயத்தை இடித்துத் தாமான் கட்டினார்களே, அதன் கீழ்வரிசை. போன வருடம் இரண்டடி லோங்காங்கை உடைத்து நாலடியாக்கினார்கள். ஆறு வாரத்தில் வேலை முடிந்தது. அடுத்த பெரிய மழை அரை மணி நேரம்தான். மேல்வரிசையில் ஒரு சொட்டு நிற்கவில்லை. கீழ்வரிசையில் 20 நிமிடத்தில் போர்ச்சைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டது. கண்ணிலேயே நிற்பது ரோட்டடிக் குழாயின் வாய்தான். தண்ணீர் அதற்குள் போகவில்லை, வாசலிலேயே சுழன்றுகொண்டிருந்தது. குழாயின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் லோங்காங் பாதிகூட நிறையவில்லை. இதே மாதிரி வேறு எங்கே நடந்திருக்கிறது?

மல்லிகா
எங்கள் பக்கமும் இதே கதைதான். எல்லாம் குப்பை. தீபாவளி முடிந்த வாரம் மெத்தையைக்கூட லோங்காங்கில் பார்த்தோம். மக்கள் திருந்தாமல் மன்றம் என்ன செய்தும் பிரயோஜனமில்லை.

மேஸ்திரி62
அக்கா, குப்பை ஒரு காரணம்தான், ஆனால் இங்கே நடந்தது வேறு. தம்பி சொன்னதில் ஒரு வார்த்தை முக்கியம்: அந்தப் பக்கம் பாதிகூட நிறையவில்லை. குழாய்க்கு மேலே நிரம்பி, கீழே காலியாக இருந்தால் நெரிசல் குழாயில்தான். இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தால் கீழே ஆறோ பெரிய வாய்க்காலோ தண்ணீரை ஏற்கவில்லை என்று அர்த்தம். மழை பெய்யும்போதே ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரே நிமிடத்தில் படம் எடுத்துவிட வேண்டும். மழை விட்ட பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அந்தக் குழாய் தோட்டக் காலத்தில் போட்டது, 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக நிறைந்து விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் விநாடிக்குச் சுமார் 0.57 கன மீட்டர் போகும். மேலே 5 ஹெக்டேர் நிலம், மழை மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் அடிக்கிறது. எங்கள் கணக்கு இதுதான். Q என்பது விநாடிக்கு எத்தனை கன மீட்டர் வரும், C என்பது மழையில் மண் குடிக்காமல் ஓடி வரும் பங்கு, i மழையின் வேகம், A நிலத்தின் பரப்பு:

```
Q = C × i × A / 360
பால்மரக் காடு : 0.4 × 100 × 5 / 360 = 0.56
வரிசை வீடுகள் : 0.8 × 100 × 5 / 360 = 1.11
```

பால்மரம் நின்ற காலத்துக்கு அந்தக் குழாய் சரியாகப் பொருந்தியது. மண் குடித்தது போக மிச்சம்தான் வந்தது. இப்போது கூரை, தார், சிமெண்ட். அதே மழைக்கு இரண்டு மடங்கு வருகிறது. விநாடிக்கு 0.54 கன மீட்டர் போக வழியில்லை. அரை மணி நேரத்தில் அது ஏறக்குறைய 1,000 கன மீட்டர். கீழ்வரிசையும் அதன் ரோடும் சேர்ந்து 4,000 சதுர மீட்டர் இருந்தால் கால் மீட்டர் ஆழம். ஹாலுக்குள் வந்த தண்ணீர் அதுதான்.

முன்பு இரண்டடி லோங்காங் மேலேயே இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் வழிந்து, தண்ணீரைத் தாமதப்படுத்தியது. நாலடி ஆனதும் எல்லாம் ஒன்றாக ஓடி வந்து ஒரே வாயில் முட்டுகிறது. இந்த வேலையைக் கடைசி முனையிலிருந்து மேலே ஏறிச் செய்ய வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வெள்ளத்தை இடம் மாற்றியதுதான் மிச்சம்.

செம்பனை ரோடு
600தான் ஐயா, டேப் வைத்து அளந்தாயிற்று. ஆனால் உள்ளே மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மண்.

மேஸ்திரி62
அப்படியென்றால் இன்னும் மோசம். மூன்றில் ஒரு பங்கு உயரம் மண் என்றால் குழாயின் பரப்பில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. ஒன்று பாருங்கள்: மழை நின்று மூன்று நாள் கழித்தும் குழாய் வாசலில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? இருந்தால் புது லோங்காங்கின் தரையைக் குழாயின் அடிமட்டத்தைவிடப் பள்ளமாகப் போட்டுவிட்டார்கள். அந்தப் பள்ளத்தில்தான் மண் படியும், கொசுவும் வைக்கும். தூர் வாரினாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வரும். கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் மட்டக் குழாய் போதும், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பச்சைத் தோழன்
எல்லோரும் சிமெண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ரோட்டோரம் முழுக்கத் தூங்குமூஞ்சி மரம் நட்டால் இந்தத் தண்ணீர் வராது. பால்மரம் இருந்தபோது வெள்ளம் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். குழி மூன்றடிக்கு மூன்றடி, பழைய சாணம், முதல் இரண்டு வருடம் முட்டுக்கொம்பு, லோங்காங்கிலிருந்து குறைந்தது நாலு மீட்டர் தள்ளி. மன்றம் நட்டுவிட்டுப் போய்விடும், வறண்ட மாதத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல்தான் பாதி சாகிறது. தெருவுக்கு ஒரு வீடு பொறுப்பெடுக்க வேண்டும். தார் ரோட்டை வெட்டி மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணைத் திறந்து விடுங்கள்.

மேஸ்திரி62
வெயிலுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி தம்பி. மதியம் நிழலில்லாத தார் ரோட்டில் பள்ளிப் பிள்ளைகள் நடக்க முடியவில்லை. வெள்ளத்துக்குப் பாதிதான் சரி. இலைகள் பிடித்து வைப்பது முதல் சில மில்லிமீட்டர்தான், 50 மி.மீ. மழையில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். காட்டில் வேலை செய்தது திறந்த மண். மரத்தை நட்டு அடியில் சிமெண்ட் பூசினால் நிழல் மட்டும்தான் கிடைக்கும், கூடவே குழாய் வாய்க் கம்பியில் இலையும் அடையும்.

தாமான் செயலாளர்
அன்றைக்கு எச்சரிக்கையே வரவில்லை, அதையும் எழுதுங்கள். ஜே.பி.எஸ். வெள்ளப் பக்கத்தில், publicinfobanjir.water.gov.my, எங்களுக்குப் பக்கத்து ஆற்று நிலையம் கடைசிவரை Normal என்றே காட்டியது. சைரனும் ஊதவில்லை. கருவி கெட்டுப்போயிற்று என்று மனு எழுதி வைத்திருக்கிறோம்.

ஆற்றங்கரை
மனுவை அனுப்பாதீர்கள் அண்ணே. கருவி சரியாகத்தான் சொன்னது. ஆறு ஏறவில்லை. Waspada, Amaran, Bahaya எல்லாம் அந்த நிலையத்தில் ஆற்று மட்டம் ஏறினால் வருவது. உங்கள் தண்ணீர் ஆற்றுக்குப் போய்ச் சேரவே இல்லை, ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. myCuaca-வில் இடிமழை எச்சரிக்கை வரும், ஆனால் அது மாவட்டம் முழுவதற்கும் பொது. எந்த லோங்காங் என்று சொல்லாது.

வேறொரு தாமானில் குழாய்ச் சுவரிலேயே கோடு போட்டிருக்கிறார்கள். குழாயின் மேல்விளிம்பில் மஞ்சள், லோங்காங் கரைக்கு ஒரு சாண் கீழே சிவப்பு. மஞ்சள் மறைந்தால் எதிர்வீட்டுக்காரர் வாட்சப் குழுவில் ஒரே வரி போடுவார், கார்கள் மேட்டுக்குப் போய்விடும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கிறது. ராத்திரி மழைக்கு இது உதவுவதில்லை, பார்க்க ஆள் முழித்திருக்க வேண்டும்.

செம்பனை ரோடு
மன்றத்தில் கேட்டாயிற்று. லோங்காங் அவர்களுடையது, மேலே போகும் ரோடு மாநில ரோடு என்பதால் குழாய் பொதுப்பணி இலாகாவுடையதாம். அதனால்தான் குழாயை விட்டுவிட்டு மற்றதைச் செய்தார்கள். இன்னொரு 600 குழாய் பக்கத்தில் போட்டால் போதுமா?

மேஸ்திரி62
இரண்டு சேர்ந்து 1.13, தேவை 1.11. ஒரு மரக்கிளை மாட்டினால் கணக்கு தீர்ந்தது. 1.2 மீட்டர் அகலம், 0.9 உயரப் பெட்டிக் குழாய் கேளுங்கள். மனுவில் இரண்டு பக்கப் படம், நேரம், சுவரில் படிந்த சேற்றுக் கோட்டின் உயரம் மூன்றும் இருக்கட்டும். ஒரே மனுவை இரண்டு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் கீழே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குழாயைத் திறந்தால் அவ்வளவும் அங்கேதான் போகும்.

செம்பனை ரோடு
கீழே கம்போங் வீடுகள் பதினொன்று.

ஆற்றங்கரை
அப்படியானால் மேலேயே நிறுத்தப் பாருங்கள். கோயில் திடல் 100க்கு 60 மீட்டர் இருக்குமா? அரை மீட்டர் தாழ்த்திச் சின்ன வாய் வைத்தால் அந்த 1,000 கன மீட்டரும் 17 சென்டிமீட்டரில் நிற்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும்.

மல்லிகா
திடலைத் தாழ்த்தினால் தீமிதி எங்கே நடத்துவது? பூக்குழி அங்கேதான் வெட்டுகிறோம். கோயில் கமிட்டியைக் கேட்காமல் இதை எழுத வேண்டாம்.

தாமான் செயலாளர்
ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். மேஸ்திரி ஐயா, அந்த மட்டக் குழாயோடு வர முடியுமா?